ரத்து சொன்ன பிறகும் புதுப்பித்துக்கொண்ட மென்பொருள் சந்தா: பணத்துக்கு எந்தக் கதவு, முடிவுக் கடிதத்துக்கு எந்தக் கதவு?

ஆண்டுச் சந்தா கட்டி ஓட்டும் பில்லிங் மென்பொருளை இனி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாயிற்று. அப்படியும் புதுப்பிக்கும் தேதியில் கார்டிலிருந்து பணம் போய்விடுகிறது. இப்படி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்விதான் கேட்பார்கள்: போன பணத்தை எங்கே போய் வாங்குவது? நான் பாளையங்கோட்டையில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்ப்பவன். அவர்களிடம் நான் திரும்பக் கேட்பது, பணம் மட்டும் போதுமா, ஒப்பந்தம் முடிந்தது என்ற எழுத்தும் வேண்டுமா என்பது. ஏனென்றால் இரண்டையும் தருகிற இடம் ஒன்றல்ல. பணம் வங்கி வழியாக வந்துவிடலாம். முடிவுக் கடிதம் அந்தக் கம்பெனி கையிலிருந்து மட்டும்தான் வரும். அது வராவிட்டால் அடுத்த ஆண்டும் அதே தேதியில் பில் வரும், அல்லது பாக்கி நிற்கிறது என்று வசூல்காரர் போன் போடுவார்.

இருக்கிற வழிகளை ஒரே வழக்கை வைத்துப் பார்க்கலாம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டு விற்கும் ஒரு அண்ணாச்சி. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், மொத்த வியாபாரமும் உண்டு. பில்லுக்கும் சரக்கிருப்புக்கும் ஒரு ஆன்லைன் மென்பொருள், ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 14,160. சந்தா ஆண்டு ஆகஸ்ட் 31-ல் முடியும். புதுப்பிக்க விருப்பமில்லை என்றால் 30 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது விதிமுறை. அவர் மகன் ஜூலை 22-லேயே மெயில் போட்டுவிட்டார். உடனே டிக்கெட் எண்ணோடு தானியங்கிப் பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு அலுவலர், 'நீங்கள் போவது வருத்தமாக இருக்கிறது, 20 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்' என்று எழுதினார். மகன் அதற்குப் பதில் போடவில்லை. செப்டம்பர் 1-ல் 14,160 ரூபாய் கார்டிலிருந்து போனது. புது மென்பொருள் இன்னும் தயாராகாததால் கடையில் பில் போடும் பெண் செப்டம்பர் 1 முதல் 6 வரை பழையதிலேயே பில் போட்டிருந்தார். 7-ம் தேதிதான் கவனித்தார்கள். கேட்டால், 'கணக்கு அமைப்புக்குள் போய் ரத்துப் பொத்தானை நீங்கள் அழுத்தவில்லை, புதுப்பித்த பிறகு பணம் திருப்புவதில்லை' என்று பதில்.

அண்ணாச்சிக்கு முதலில் தோன்றியது இதுதான்: "கார்டையே பிளாக் பண்ணிட்டா முடிஞ்சிட்டுல்லா தம்பி?" முடியாது. கார்டை நிறுத்தினால் பணம் போவது நிற்கும், ஒப்பந்தம் அப்படியே இருக்கும். ஜங்ஷனில் இந்த மென்பொருளை விற்ற டீலரிடம் போனார். "நாங்க வித்துக் குடுத்தோம், அவ்ளோதான் அண்ணாச்சி. கம்பெனிட்ட கேட்டுக்கிடுங்க" என்றார் அவர். இதில் டீலர் சொன்னது சரியாகவே இருந்தது. யாரிடம் கேட்பது என்பதை பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வரி பில்லில் யார் ஜிஎஸ்டி எண் இருக்கிறதோ அவர்தான் உங்களுக்கு விற்றவர். சில டீலர்கள் தங்கள் பெயரிலேயே பில் போடுவார்கள். அப்படியானால் கடிதம் டீலருக்கும் போக வேண்டும். இங்கே பில் கம்பெனி பெயரில் இருந்தது.

கம்பெனிக்கு நேராக எழுதுவது

இதைப் பலர் அரைகுறையாகச் செய்துவிட்டு, 'எழுதினோம், பிரயோஜனம் இல்லை' என்பார்கள். வாடிக்கையாளர் உதவிப் பெட்டிக்குப் பத்து மெயில் போடுவதும், குறைதீர் அலுவலருக்கு ஒரே ஒரு ஒழுங்கான கடிதம் போடுவதும் ஒன்றல்ல. இணையத்தில் விற்கும் நிறுவனங்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும் என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அந்த விதிகள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்தவை. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர்தானா என்ற தகராறு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். இருந்தாலும் அந்த மேசைக்குப் போகும் கடிதத்துக்கு உள்ளே ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்.

கம்பெனியின் வாதம் 'பொத்தானை அழுத்தவில்லை' என்பது. இதற்கு முதல் பதில் அவர்கள் விதிமுறையிலேயே கிடைக்கும். ரத்து பொத்தான் வழியாக மட்டும்தான் என்று அதில் எழுதியிருக்கிறதா, 'எழுத்தில் தெரிவிக்க வேண்டும்' என்று மட்டும் இருக்கிறதா? இங்கே இரண்டாவது. அடுத்த கேள்வி, மெயில் போய்ச் சேர்ந்ததா என்பது. 2000-ன் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 13 இதற்கு ஒரு அளவுகோல் தருகிறது. பெறுபவர் ஒரு முகவரியைக் குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால், மெயில் அதற்குள் நுழைந்த நேரமே கிடைத்த நேரம். வேறு முகவரிக்குப் போயிருந்தால், அதை அவர் எடுத்துப் பார்த்த நேரம்தான் கிடைத்த நேரம். மகன் அனுப்பியது பொது உதவி முகவரிக்கு. விதிமுறையில் அறிவிப்புக்கென்று வேறு முகவரி இருந்தது. தானியங்கிப் பதில் மட்டும் இருந்திருந்தால் இதில் கொஞ்சம் இழுபறி வந்திருக்கும். ஆனால் ஜூலை 24-ல் தள்ளுபடி தருவதாக ஒருவர் எழுதியிருக்கிறாரே! ரத்து மெயிலை வாசிக்காமல் யாரும் தள்ளுபடி பேச மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது ஆளைப் பிடித்து நிறுத்த எழுதிய மெயில். நமக்கு அதுதான் இருப்பதிலேயே வலுவான ஆவணம். இந்த மாதிரிப் பதில்களை எரிச்சலில் அழித்துவிடாதீர்கள்.

கடிதத்தில் ஆத்திரம் வேண்டாம், தேதிகள் வேண்டும். அண்ணாச்சிக்காக நாங்கள் எழுதியது ஆங்கிலத்தில், அதன் சாரம் இது:

'எங்கள் சந்தா ஆகஸ்ட் 31-ல் முடிவடைவதாக இருந்தது. புதுப்பிக்க விருப்பமில்லை என்று ஜூலை 22-ல், அதாவது 30 நாளுக்கு மேல் இருக்கும்போதே, எழுத்தில் தெரிவித்தோம். உங்கள் டிக்கெட் எண்ணும் ஜூலை 24-ல் உங்கள் அலுவலர் அனுப்பிய பதிலும் இணைப்பில் உள்ளன. செப்டம்பர் 1-ல் எடுத்த 14,160 ரூபாயை அதே கார்டுக்குத் திருப்பி, கிரெடிட் நோட் அனுப்பவும். செப்டம்பர் 1 முதல் 6 வரை எங்கள் ஊழியர் பில் போட்டிருக்கிறார். அந்த ஆறு நாளுக்கு விகிதப்படி 233 ரூபாயைப் பிடித்துக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஒப்பந்தம் ஆகஸ்ட் 31-ல் முடிந்தது, எங்கள் பேரில் பாக்கி எதுவும் இல்லை, கார்டு விவரமும் ஆட்டோ டெபிட் அனுமதியும் நீக்கப்பட்டன என்று எழுத்தில் உறுதி தரவும். இந்த மாதம் 18-ம் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் வங்கியில் தகராறு பதிவு செய்வோம்.'

அந்த ஆறு நாள் விஷயத்தை நாமே சொல்வதா என்று அண்ணாச்சி தயங்கினார். சொல்லத்தான் வேண்டும். லாகின் பதிவு அவர்களிடம் இருக்கிறது. நாம் மறைத்தால், 'புதுப்பித்த பிறகும் பயன்படுத்தினார்கள், அதனால் சம்மதம்தான்' என்று அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள். 14,160-ஐ 365-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 232 ரூபாய் 77 பைசா. அதை நாமே கொடுத்துவிட்டால் அந்த வாதத்தில் சாரம் இல்லாமல் போகிறது. கடிதம் போகும் நாளிலிருந்து கடையில் யாரும் அந்த மென்பொருளில் ஒரு பில்கூடப் போடக் கூடாது.

கடிதம் அனுப்பும் முன் ஒரு வேலை உண்டு. பழைய பில்கள், வாடிக்கையாளர் கணக்கு, சரக்குப் பதிவு எல்லாவற்றையும் இறக்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். சண்டை முற்றியதும் கம்பெனி கணக்கைப் பூட்டிவிட்டால், 14,160 ரூபாயைவிடப் பெரிய தலைவலி அது.

இந்த வழிக்குச் செலவு இல்லை. முடிவுக் கடிதம் கிடைக்க இதைவிட்டால் வேறு வழி கிடையாது. கம்பெனி பதிலே போடாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இதன் பலவீனம். அதனால்தான் கெடு தேதியும் அடுத்த படியும் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

வங்கி வழி

பணத்தைப் பொறுத்தவரை கார்டில் கட்டியவருக்கு இதுதான் வேகமான வழி. ஆனால் இதற்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, ஆட்டோ டெபிட் அனுமதியை ரத்து செய்வது. இது இனிமேல் போகப்போகும் பணத்துக்கு. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தொடர் கட்டணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பாவது வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அதில் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வசதியும் தர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டும். இந்த வரம்பு முதலில் 5,000 ஆக இருந்தது, 2022 ஜூனில் உயர்த்தினார்கள். அண்ணாச்சியின் 14,160 அந்த வரம்புக்குக் கீழே இருந்ததால் ஓடிபி இல்லாமலேயே போய்விட்டது. உங்கள் தொகை 15,000-ஐத் தாண்டியும் ஓடிபி கேட்காமல் போயிருந்தால் அது வேறு கதை, அப்போது கேள்வி வங்கியைப் பார்த்துக் கேட்க வேண்டியது.

அண்ணாச்சியின் போனைத் துழாவினால் ஆகஸ்ட் 30-ல் வங்கி அனுப்பிய அந்த எஸ்எம்எஸ் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. இது வங்கிக்குச் சாதகம், கம்பெனிக்குச் சாதகம் இல்லை. வங்கி தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் கம்பெனியிடம் ஜூலையிலேயே சொன்னது சொன்னதுதான். ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போவது பற்றிப் பலர் கேட்பார்கள். அந்தப் புகார் வங்கியின் மேல், மென்பொருள் கம்பெனியின் மேல் அல்ல. முன்தகவல் வரவேயில்லை, தகராறு விண்ணப்பத்தை வாங்கவே மறுக்கிறார்கள், 30 நாளாகியும் பதில் இல்லை என்பது போன்றவற்றுக்கு cms.rbi.org.in சரியான இடம். முன்தகவல் வந்திருக்கும் இந்த வழக்கில் அங்கே போய் நேரம் விரயம் செய்ய வேண்டியதில்லை.

மற்றொன்று, போன பணத்துக்கான தகராறு. வங்கிக்காரர்கள் சார்ஜ்பேக் என்பார்கள். விண்ணப்பத்தில் எந்தக் காரணத்தைக் குறிக்கிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. கிளையில் அவசரத்தில் 'எனக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனை' என்று டிக் அடித்துவிடுவார்கள். அது மோசடிக்கான காரணம். உங்கள் கார்டு உடனே முடக்கப்படும். கம்பெனியோ நீங்கள் முதலில் கொடுத்த அனுமதியைக் காட்டி எளிதாக ஜெயித்துவிடும். சரியான காரணம் 'ரத்து செய்த தொடர் கட்டணம்'. கார்டு நிறுவனங்களின் விதிப் புத்தகத்தில் இதற்கென்றே இடம் உண்டு, விசாவில் 13.2 என்ற எண். கூடவே மூன்று தாள்கள் போதும்: ஜூலை 22 மெயில், ஜூலை 24 பதில், கட்டணம் தெரியும் கார்டு கணக்கு அறிக்கை. கம்பெனிக்கு எழுதிய கடிதத்தையும் வைத்தால் இன்னும் நல்லது, முதலில் நேராகப் பேசிப் பார்த்தீர்களா என்று வங்கி கேட்கும்.

கெடு பொதுவாக 120 நாள். செப்டம்பர் 1-ல் போன பணத்துக்கு டிசம்பர் 30 வரை. ஆனால் கார்டு கொடுத்த வங்கி தன் அளவில் இதைவிடக் குறுகிய கெடு வைத்திருக்கலாம். கம்பெனி 'பார்க்கிறோம், பார்க்கிறோம்' என்று இழுப்பதன் ஆபத்து இங்கேதான். ஒவ்வொரு இழுப்பிலும் இந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துகிறது. என் வழக்கம், கம்பெனிக்குக் கொடுக்கும் கெடு பத்து நாளைத் தாண்டாது.

வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்தால் ஜெயித்துவிட்டோம் என்று எண்ண வேண்டாம். கம்பெனி ஆட்சேபித்து, லாகின் பதிவையோ விதிமுறையையோ காட்டினால் அந்த வரவு திரும்பப் போகலாம். ஜெயித்தாலும் கிடைப்பது பணம் மட்டும்தான். கம்பெனியின் புத்தகத்தில் உங்கள் கணக்கு 'கட்டணம் பாக்கி' என்று நிற்கும். கடிதத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

யுபிஐ ஆட்டோபே வழியாகப் போயிருந்தால் அனுமதியை ஆப்பிலேயே ரத்து செய்துவிடலாம். ஆனால் விற்றவரோடு இருக்கும் இந்த மாதிரித் தகராறில் கார்டுக்கு உள்ள அளவு பிடிமானம் யுபிஐயில் இல்லை. அப்போது கடிதத்தின் எடை இன்னும் கூடுகிறது.

1915-ம் நுகர்வோர் ஆணையமும்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. பெரிய கம்பெனிகள் இதற்கென்று ஆள் வைத்திருப்பதால் சில சமயம் சட்டென்று வேலை நடக்கும். செலவில்லை, செய்து வைக்கலாம்.

நுகர்வோர் ஆணையம்தான் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருகிறது. பார்ப்பதற்கு வசதியாகத்தான் இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே, போடலாம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறதே என்று அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

தடை வாசலிலேயே இருக்கிறது. 2019-ன் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்த விலக்கின் வாசகம் வாங்கிய பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறது, சேவைகளை அல்ல. மென்பொருள் சந்தா பொருளா சேவையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேயே ஒரு சுற்று ஆரம்பிப்பார். அதோடு 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பாலி மெடிக்யூர் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஏற்றுமதி, இறக்குமதி ஆவண வேலையைத் தானியங்கியாக்க ஒரு நிறுவனம் மென்பொருள் உரிமம் வாங்கியது. அது லாபம் ஈட்டும் தொழிலோடு தொடர்புடையது, ஆகவே வணிக நோக்கம், அந்த நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்றது நீதிமன்றம்.

இதை வைத்துப் பார்த்தால், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒற்றை ஆளாகத் தையல் வேலை பார்ப்பவரோ, தனியாகக் கணக்கு எழுதுபவரோ ஆணையத்தில் வாதாட இடமிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கு அந்த இடம் மிகக் குறுகல். பிரைவேட் லிமிடெட் என்றால் நான் போகச் சொல்ல மாட்டேன். 14,160 ரூபாய்க்காக, 'நீங்கள் நுகர்வோரா' என்பதை முடிவு செய்யவே மாதக்கணக்கில் வாய்தா வாங்கிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றிச் சிக்கவைக்கும் 'இருண்ட உத்திகள்' பற்றி 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதலில் 'சந்தாப் பொறி' என்று ஒன்று உண்டு, ரத்து செய்யும் வழியை மறைப்பதும் சிக்கலாக்குவதும் அதற்குள் வரும். அந்த ஒரு வரியைக் கடிதத்தில் சேர்க்கலாம். அதை மட்டும் நம்பி வழக்குக்குப் போக வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸ், உரிமையியல் நீதிமன்றம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உரிமையியல் வழக்கு போட நுகர்வோர் என்ற தகுதி தேவையில்லை. ஆனால் விதிமுறையில் 'தகராறு பெங்களூர் நீதிமன்றங்களுக்கு உட்பட்டது' என்று இருந்தால் அங்கே போக வேண்டி வரும். நடுவர் மன்றம் என்று எழுதியிருந்தால் அதுவும் சேரும். இந்தத் தொகைக்குக் கட்டுபடியாகாது. வக்கீல் நோட்டீஸ் மட்டும் சில நேரம் வேலை செய்யும், பணத்தைவிட முடிவுக் கடிதத்தை வாங்குவதில். அனுப்பினால் ஸ்பீடு போஸ்டில், பதிவோடு, சேர்ந்ததற்கான அத்தாட்சியும் கேட்டு அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். தொகை லட்சக்கணக்கில் இருந்தால் இந்தப் பத்தி முழுவதையும் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

யாரும் கவனிக்காத ஜிஎஸ்டி பக்கம்

கம்பெனி போட்ட புதுப்பித்தல் பில் உங்கள் ஜிஎஸ்டி தளத்தில் தானாக வந்து நிற்கும். 2024 அக்டோபர் முதல் பில்களை ஏற்கவும் மறுக்கவும் நிலுவையில் வைக்கவும் தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். வழக்கமாகக் கணக்கர் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுவிடுவார். அப்படிச் செய்தால் 'வேண்டாம் என்று சொன்ன சேவைக்கு உள்ளீட்டு வரி மட்டும் எப்படி எடுத்தீர்கள்?' என்று கம்பெனி கேட்க நாமே வழிவிட்டதாகும். அண்ணாச்சியின் பில்லை நிலுவையில் வைத்தோம். அதில் இருந்த வரி 2,160 ரூபாய், அதை எடுக்கவில்லை.

பணம் திரும்பும்போது கிரெடிட் நோட் கேட்பதும் இதனால்தான். கம்பெனி தான் கட்டிய வரியைக் குறைத்துக்கொள்ள, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு இதைச் சொன்னால் உதவிப் பிரிவைவிட வேகமாக அசைவார்கள் என்பது என் அனுபவம்.

எங்கள் வரிசை

ஆக, அண்ணாச்சிக்கு நாங்கள் எடுத்த வரிசை: தரவை இறக்கினோம், ஆட்டோ டெபிட் அனுமதியை வங்கியில் ரத்து செய்தோம், குறைதீர் அலுவலருக்கும் விதிமுறையில் சொன்ன அறிவிப்பு முகவரிக்கும் கடிதம் போட்டோம், 1915-ல் பதிந்தோம், வங்கி விண்ணப்பத்தை எழுதித் தயாராக வைத்தோம். ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் விட்டுவிட்டோம்.

கெடுவுக்கு முந்தின நாள் பதில் வந்தது. முதலில் அடுத்த ஆண்டுச் சந்தாவில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே வேண்டாம் என்கிறவருக்கு அது எதற்கு? மறுத்தோம். பிறகு 233 ரூபாய் போக 13,927 ரூபாயைக் கார்டுக்கே திருப்ப ஒப்புக்கொண்டார்கள். கூடவே ஒரு உறுதிக் கடிதமும் வந்தது. அண்ணாச்சிக்கு அதிலேயே திருப்தி. எனக்கு அதன் வாசகம் பிடிக்கவில்லை: 'உங்கள் சந்தாவின் அடுத்த புதுப்பித்தல் நிறுத்தப்பட்டது.' அடுத்த புதுப்பித்தல் என்றால் வருகிற ஆண்டு செப்டம்பர். அப்படியானால் இந்த ஆண்டுச் சந்தா செல்லும் என்று ஆகிறது. பணத்தையும் திருப்பிவிட்டு ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, தயார் வாசகத்தை ஒட்டினார்களா தெரியவில்லை. நமக்கு எப்படியானாலும் ஒன்றுதான்.

அதையே சுட்டிக்காட்டித் திருத்தம் கேட்டோம். திருத்திய கடிதத்தில் ஆகஸ்ட் 31-ஓடு ஒப்பந்தம் முடிந்தது, செப்டம்பர் 1 முதல் 6 வரை பயன்பாட்டுக்கு 233 ரூபாய் மட்டும், வேறு பாக்கி இல்லை, கார்டு விவரம் நீக்கப்பட்டது என்று கணக்கு எண்ணோடு இருந்தது. எங்கள் தரவை எந்தத் தேதியில் அழிப்பார்கள் என்பதையும் சேர்த்து வாங்கினோம். பணம் வந்த பிறகு 1915 புகாரை முடித்துக்கொண்டோம். வங்கி விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கொடுத்திருந்தால் அதையும் எழுதித் திரும்பப் பெற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பணம் இரண்டு தடவை வந்து, பிறகு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கிரெடிட் நோட் தளத்தில் ஏறியதும் நிலுவையில் இருந்த பில்லையும் அதையும் சேர்த்து ஏற்றோம். நிகரமாக நின்ற உள்ளீட்டு வரி 36 ரூபாய்.